விலை பேசும் வேளையில் வாய்மை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளின் ஓரமாக நான் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் முஹல்லாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தமது கைப்பேசியை என் முன் நீட்டினார். அவருடைய மகள் தையற்பயிற்சியை முடித்திருக்கிறாள். பெண் வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தர வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். பழைய பொருள்களை விற்போரும் வாங்குவோரும் சந்திக்கும் இணையத் தளம் ஒன்றில், மேசையும் கால்மிதியும் உள்ள கறுப்பு இயந்திரம் ஒன்றை 6,500 ரூபாய்க்கு யாரோ ஒரு பெண்மணி விளம்பரம் செய்திருந்தார். நண்பர் அவருக்குச் செய்தி அனுப்பி மூன்று நாள்கள் ஆகிவிட்டன. பதிலே இல்லை. “விற்க வந்தவர்களுக்கு என்ன இத்தனை வீறாப்பு, காக்கா?” என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

அவர் அனுப்பிய செய்தியை நான் வாங்கிப் படித்தேன். இப்படி இருந்தது: “இந்தப் பழைய மெஷினுக்கு 6,500-ஆ? கடையில் புதிதே 6,000-க்குக் கிடைக்கிறது. 3,000 தருகிறேன். கடைசி விலை என்னவென்று சொல்லுங்கள்.”

நான்கே வாக்கியங்கள்தாம். இவற்றை எழுதியவர் ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர்; கொடுக்கல் வாங்கலில் ஒரு காசுகூடப் பிசகாதவர். ஆயினும், கடைத்தெருவில் நேருக்கு நேர் நின்று சொல்லக் கூசுகின்ற சொற்களைத் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு நாம் எத்தனை எளிதாக எழுதிவிடுகின்றோம் என்பதற்கு இந்த நான்கு வாக்கியங்களே போதிய சான்று.

கடையில் புதியது 6,000-க்குக் கிடைக்கிறதா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் விசாரிக்கவே இல்லையாம்; “எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்” என்றார். 3,000 ரூபாய்தான் உங்கள் எண்ணமா என்று கேட்டேன். இல்லை, 6,000 ரூபாயை அவர் இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். அப்படியானால் அந்தச் செய்தியில் ஒரு பொய் இருக்கின்றது. மனத்தில் இல்லாத ஒரு விலை இருக்கின்றது. தம்முடைய விலையைக் காட்டாமல் எதிராளியின் இறுதி விலையை மட்டும் வெளிப்படுத்தச் சொல்லும் ஒரு கேள்வி இருக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அம்மையாரின் பொருள் இழிவுபடுத்தப்பட்டிருக்கின்றது.

இந்த இறுதிக் குற்றத்தைத்தான் நம்மிற் பலர் குற்றமென்றே கருதுவதில்லை. மத்யன் நாட்டு வணிகர்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆன் பல இடங்களில் எடுத்துரைக்கின்றது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதீர்கள் என்ற கட்டளையோடு, மக்களுடைய பொருள்களை அவற்றின் மதிப்பினின்றும் குறைத்துவிடாதீர்கள் என்ற கட்டளையும் அங்கே இணைந்து வருகின்றது. அவ்விடத்தில் ஆளப்படும் அரபுச் சொல்லின் வேர் ‘பக்ஸ்’ என்பதாகும். தராசில் குறைப்பதற்கு மட்டுமன்றி, பிறருடைய பொருளை மட்டம் தட்டி மதிப்பைக் குறைப்பதற்கும் அச்சொல் பொருந்தும் என விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். நபி யூஸுஃப் (அலை) அவர்களை எண்ணிச் சொல்லத்தக்க சில வெள்ளிக் காசுகளுக்கு விற்றுவிட்ட செய்தியைச் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் திருமறை கையாளுகின்றது. ஓர் இறைத்தூதரின் விலை அங்கே குறைக்கப்பட்டது. ஒரு தையல் இயந்திரத்தை அதனோடு ஒப்பிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். பொருள் சிறிதாயினும் செயலின் பெயர் ஒன்றுதான்.

இதனால் பேரம் பேசுவதே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோரும் நம்மிடையே உண்டு; அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டக வரலாற்றை மறந்துவிட்டவர்கள். ஒரு பயணத்தின்போது ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துத் தளர்ந்து பின்தங்கிவிட்டது. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்காகத் துஆச் செய்து அதைத் தட்டிவிட, அது முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் நடந்தது. அதன் பின்னர்தான் பெருமானார் (ஸல்) அவர்கள், அதனை ஓர் ஊக்கியாவுக்குத் தமக்கு விற்கும்படி கேட்டார்கள். ஓர் ஊக்கியா என்பது 40 திர்ஹம். ஜாபிர் (ரலி) அவர்கள் முதலில் இயலாது என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மீண்டும் கேட்டார்கள். மதீனா சென்று சேரும்வரை தாமே அதன்மீது ஏறிச் செல்வதாக ஒரு நிபந்தனை வைத்து ஜாபிர் (ரலி) அவர்கள் விற்றார்கள். அந்த நிபந்தனையும் ஏற்கப்பட்டது.

இங்கே கவனியுங்கள். சற்று முன்னர்வரை அந்த ஒட்டகம் நடக்க மாட்டாமல் கிடந்தது. ஊர்க் கடைத்தெருப் பேரமாக இருந்தால் அந்த ஒரு குறையையே திரும்பத் திரும்பச் சொல்லி விலையைப் பாதியாக்கியிருப்பார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை வாயெடுத்தும் சொல்லவில்லை. விலையை வெளிப்படையாகச் சொன்னார்கள், மறுப்பைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை, மறுபடியும் கேட்டார்கள், எதிராளியின் நிபந்தனையை மதித்தார்கள். நட்பும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

ஆகவே, நண்பரும் நானும் அன்று மாலை அமர்ந்து செய்தியைப் புதிதாக எழுத முற்பட்டோம். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகமாக இருந்தது. முதலில் இரண்டு கடைகளில் விசாரித்தோம். அதே வகை இயந்திரம் மேசை, காலடிச் சட்டத்துடன் புதிதாக 8,400 ரூபாய் என்றார்கள். நான்கு ஆண்டுகள் ஓடிய இயந்திரத்துக்கு 6,500 என்பது சற்று மிகையாக இருக்கலாமே தவிர, அநியாயமன்று என்பது அப்போதே விளங்கிவிட்டது. “புதிதே 6,000” என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் படித்தபோது, கடை விலையை நன்கறிந்த அந்த அம்மையார் என்ன எண்ணியிருப்பார்! பதில் எழுதாததில் வியப்பென்ன?

அடுத்து, விலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பொருளைப் பற்றி மட்டும் கேட்டோம். முன்னர் எழுதியதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துவிட்டு, எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறதா, இரண்டு மடிப்புத் துணியில் ஒரு முழ நீளம் தைத்து மேற்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்ப இயலுமா என்று கேட்டு எழுதினோம். தையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் படமே போதும். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூலின் இறுக்கத்தில் கோளாறு. அது எளிதில் சரியாகும். தையல் இடையிடையே விட்டுப்போனால், ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிய பின்னரும் விட்டுப்போனால் கொக்கிப் பகுதி தேய்ந்திருக்கலாம். அது செலவு வைக்கும். இப்படிக் கேட்பது குறை கூறுவது ஆகாதா என்று நண்பர் ஐயுற்றார். ஆகாது. விற்பவரும் வாங்குபவரும் உண்மையைப் பேசி, உள்ளதைத் தெளிவாக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்; மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள ஹதீஸின் கருத்து. குறையை விசாரிப்பது தெளிவுபெறுவதற்கு. இல்லாத குறையைச் சொல்வதும், இருக்கும் குறையை ஊதிப் பெருக்குவதும்தான் விலக்கப்பட்டவை.

அம்மையார் மறுநாளே பதில் அனுப்பினார். தையல் ஒழுங்காக விழுந்திருந்தது. பெல்ட்டில் வெடிப்பு இருப்பதையும் மேசைப் பலகையின் ஓரம் பெயர்ந்திருப்பதையும் அவரே குறிப்பிட்டிருந்தார். இரண்டையும் சரிசெய்ய 700 ரூபாய் ஆகும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் கூறினார். இதன் பின்னர் நாங்கள் எழுதிய செய்தி இது:

“வணக்கம் அம்மா. படங்கள் அனுப்பியதற்கு நன்றி. குறைகளை நீங்களே எடுத்துச் சொன்னது எங்களுக்கு நிறைவாக இருந்தது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் 700 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். அதையும் நான்கு ஆண்டுப் பயன்பாட்டையும் கணக்கிட்டு, 5,500 ரூபாய் தர எண்ணியிருக்கிறேன். வண்டிச் செலவு என்னுடையது. நேரில் வந்து ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டு, அப்போதே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவேன். நாளை மாலை 6 மணி வரை இந்த விலைக்கு நான் கட்டுப்பட்டவன். அதுவரை வேறு யாரிடமும் பேசமாட்டேன். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வருத்தமில்லை.”

விற்பவரின் பெயரைக் கொண்டு அவர் சகோதர சமயத்தவர் என்பதை அறிந்துதான் வணக்கத்துடன் தொடங்கினோம். முஸ்லிமல்லாதவரிடம் வாங்கும்போது இத்தனை நுணுக்கம் வேண்டுமா என்று எவரேனும் கேட்பாராயின், பெருமானார் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவச உடை, வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது என்பதை அவர் நினைத்துப் பார்ப்பாராக. கொடுக்கல் வாங்கலின் நேர்மைக்கு இரண்டு அளவுகோல்கள் இல்லை.

இந்தச் செய்தியில் ஒரு சொல்லுக்காக நாங்கள் நெடுநேரம் வாதிட்டோம். “கையில் 5,500 ரூபாய்தான் இருக்கிறது” என்று எழுத வேண்டுமென்றார் நண்பர். அது மனத்தை இளக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் கையில் 6,000 இருக்கின்றதே! நம்முடைய உச்ச விலையை எதிராளிக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. அதைப் பற்றி வாய்மூடி இருக்கலாம். அது பேரத்தின் இயல்பு. ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு. “தர எண்ணியிருக்கிறேன்” என்பது உண்மை. “இவ்வளவுதான் இருக்கிறது” என்பது பொய். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சொல்தான். “இன்னொருவர் 5,000-க்கே தருகிறார்” என்று இல்லாத விற்பனையாளரைக் கற்பிப்பதும் இதைச் சேர்ந்ததே. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் ‘நஜஷ்’ என்னும் வஞ்சகத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இல்லாத போட்டியைக் காட்டி விலையை ஏற்றுவது தீதென்றால், இல்லாத போட்டியைக் காட்டி விலையை இறக்குவது மட்டும் எப்படி நன்றாகும்?

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு சொல். “நாளை மாலை வரை” என்று எழுதுவது பலருக்கு எதிராளியை அவசரப்படுத்தும் தந்திரம். மறுநாள் போனால் இன்னும் குறைத்துக் கேட்பார்கள், அல்லது இரவோடிரவாக வேறிடத்தில் வாங்கிவிட்டு மௌனமாக இருந்துவிடுவார்கள். ஆனால் 1990-ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் அறிஞர்கள், கடிதம், தந்தி, கணினித் திரை போன்றவற்றின் வழியாகச் செய்யப்படும் ஒப்பந்தங்களை ஆராய்ந்து தீர்மானம் செய்தபோது, காலக்கெடுவுடன் ஒருவர் தம் விலையைத் தெரிவித்தால் அக்கெடு முடியும்வரை அவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று முடிவு கூறினார்கள். அதாவது, கெடு என்பது எதிராளியின் கழுத்தில் மாட்டும் கயிறு அன்று. நம்முடைய கழுத்தில் நாமே மாட்டிக்கொள்வது. அதனால்தான் “நான் கட்டுப்பட்டவன்” என்று வெளிப்படையாகவே எழுதினோம். இவ்வாறு எழுதப்படும் செய்தியில் உறுதி தானாகவே வந்துவிடுகின்றது. கடுஞ்சொல்லுக்குத் தேவையே இருப்பதில்லை.

“நேரில் தைத்துப் பார்த்துவிட்டு” என்ற நிபந்தனைக்கும் காரணம் உண்டு. பாராத பொருளை வாங்குவதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கின்றது. ஹனஃபி மத்ஹபில், பாராமல் வாங்கியவருக்குப் பார்த்த பின்னர் ஏற்கவோ தள்ளவோ உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், பாராத குறிப்பிட்ட பொருளின் விற்பனையே செல்லாது. பார்த்த பின்னரே கொள்முதல் என்று வைத்துக்கொண்டால் இரு சாராருக்கும் ஐயமில்லை. அத்துடன் இன்றைய இணையச் சந்தையில் இது பாதுகாப்புமாகும். நம்ப முடியாத மலிவில் பொருளைக் காட்டி, இடமாற்றம் வந்துவிட்டது, உடனே முன்பணம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துவோர் உளர். பொருளைக் காட்ட மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பலாகாது. அவரிடம் இன்முகத்துடன் “கண்ட பின்னரே பணம்” என்று மட்டும் எழுதிவிட்டு நின்றுகொள்ளுங்கள். மேலும் ஒன்று: நமக்குப் பணம் வந்து சேர்வதற்கு நம்முடைய இரகசிய எண்ணைப் பதியவோ, கட்டப்படத்தை ஸ்கேன் செய்யவோ வேண்டியதில்லை. அப்படிச் செய்யச் சொல்பவர் பணத்தை எடுக்க வந்தவர்.

கதைக்குத் திரும்புவோம். மறுநாள் நண்பகலில் அம்மையார் எழுதினார்: “5,500 கட்டாது. பலகை ஓரத்தைப் பசை வைத்து ஆணியடித்தாலே நின்றுவிடும், மாற்ற வேண்டாம். 6,000 என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.” நண்பர் என்னைப் பார்த்தார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. மெக்கானிக் சொன்ன 700-இல் பலகைக்கு மட்டும் 400. நியாயம் தென்பட்டால் இறங்கிவர வேண்டும். பேரத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆகையால், “பலகையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்காக 200 கூட்டி 5,700 தருகிறேன். இதற்குமேல் கூட்டுவதாக இல்லை. சம்மதமானால் ஞாயிறு காலை வருகிறேன்” என்று பதில் அனுப்பினோம். முடிவான விலை என்பதை ஒருமுறை மட்டுமே சொல்ல வேண்டும். மூன்று முறை முடிவு சொன்னவருடைய நான்காவது முடிவை எவரும் நம்ப மாட்டார்கள். ஒருவேளை அவர், வேறொருவருக்கு 6,000-க்கு ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று பதில் சொல்லியிருப்பாரானால், 6,100 என்று ஏற்றிக் கேட்கவும் நமக்கு உரிமையில்லை. தம் சகோதரர் பேசி முடித்த விலையின்மீது தாம் விலை பேசுவதை மார்க்கம் தடுத்திருக்கின்றது. விசாரிப்பது எத்தனை பேருக்கும் திறந்திருக்கும். இருவர் மனமொத்துவிட்ட பின்னர் மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை.

இரவு இஷாவுக்குப் பின்னர் “சரி, வாருங்கள்” என்று பதில் வந்தது.

இனித்தான் பெரும்பாலோர் சறுக்கும் இடம் வருகிறது. கைப்பேசியில் ஒரு விலையை ஒப்புக்கொண்டு, வண்டியுடன் போய் வாசலில் நின்று, பொருளைச் சுற்றிச் சுற்றி வந்து, “படத்தில் பார்த்தது போல் இல்லையே, 5,000 வைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். வண்டி வந்துவிட்டது, அண்டை அயலார் பார்க்கிறார்கள், வந்தவரைத் திருப்பியனுப்ப மனமின்றி விற்பவர் இணங்கிவிடுவார். சொல்லாமல் மறைத்த குறை ஒன்று நேரில் தெரிந்தால் விலையைத் திரும்பப் பேசலாம். வேண்டாமென்று திரும்பியும் வரலாம். தெரிந்த குறைக்கே இரண்டாம் முறை விலை குறைப்பது, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற திருமறையின் கட்டளையை மீறுவதாகும். சொற்களில் எத்தனை தேன் தடவியிருந்தாலும் சரி.

அதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில், ஹஸன், ஹுஸைன் (ரலி) போன்ற பெரியோர்கள் வாங்கும்போது கண்டிப்பாக விலை பேசுவார்கள், ஆனால் வாரி வழங்குவதில் தயங்கமாட்டார்கள் என்று குறிப்பிடுகின்றார்கள். செல்வமுள்ள வணிகரிடம் ஏமாந்து கூடுதலாகக் கொடுப்பதில் நன்மையுமில்லை, புகழுமில்லை. ஏழை விற்பவரிடம் அறிந்தே சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது உபகாரம் என்பது அவர்களின் விளக்கம். இணையத்தில் இதுதான் சிக்கல். எதிராளி செல்வரா, வறியவரா என்பது திரையில் தெரிவதில்லை. பேசும்போது தெரியாதது, வாசலில் போய் நின்றபோது தெரிந்தது.

அந்த ஞாயிறு நானும் உடன் சென்றிருந்தேன். ஒற்றை அறை வீடு. கணவர் நீண்ட காலம் படுக்கையில் இருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்கியது. அம்மையார் எங்கள் முன்னிலையில் ஒரு துண்டுத் துணியைத் தைத்துக் காட்டினார். தையல் நேராக விழுந்தது. நண்பர் 5,700 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பிறகு, மதீனாவில் ஜாபிர் (ரலி) அவர்களுக்கு விலையைக் கொடுக்கும்போது சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்குமாறு பிலால் (ரலி) அவர்களுக்கு உத்தரவிடப்பட்டதையும், இறுதியில் விலையோடு ஒட்டகமும் அவரிடமே திருப்பி அளிக்கப்பட்டதையும் வழியில் நான் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மீதமிருந்த 300 ரூபாயையும் எடுத்து மேசையின்மீது வைத்தார்.

அம்மையார் அதைத் தொடவில்லை. “பேசினது 5,700 தானே, பாய்” என்று சொல்லி, மூன்று நோட்டுகளையும் மடித்து நண்பரின் கையிலேயே திணித்தார். நண்பர் மறுத்தார், அவரும் மறுத்தார். இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். அதில் பாபின்களும், பல நிற நூற்கண்டுகளும், ஓர் எண்ணெய்க் குப்பியும் இருந்தன. “பொண்ணுக்கு ஆகும்” என்றார்.

நண்பர் அந்த 300 ரூபாயில் பெல்ட் மாற்றிவிட்டார். டப்பாவை அவருடைய மகள் இன்னும் அப்படியே வைத்திருக்கிறாள்.